அலுவலக மெயிலில் அரைப்புள்ளி, கோடு, அடைப்புக்குறி: எதை வைப்பது, எதை எடுப்பது

ஒரு முறை நான் அனுப்பிய மெயில் ஒன்றால் மூன்று பேரின் அரை நாள் வேலை அழிந்துபோனது. அதில் எழுத்துப்பிழை இல்லை, தகவலிலும் தவறில்லை. மெயில் இதுதான்:

> சனிக்கிழமை காலை 6 மணி முதல் 10 மணி வரை கணக்கு மென்பொருள் இயங்காது (திறந்திருக்கும் பதிவுகளை வெள்ளி மாலைக்குள் சேமித்து மூடிவிடவும்); புதிய பதிப்பு நிறுவப்படுகிறது – பழைய கடவுச்சொல் வேலை செய்யாது.

திங்கட்கிழமை காலையில் ஒருவர் வந்து, “மேடம், பதிவை மூடணும்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார். மெயிலைத் திறந்து காட்டினேன். “ஓ, பிராக்கெட்டுக்குள்ள இருக்கா? அது ஏதோ கூடுதல் விவரம்னு தாண்டிப் போயிட்டேன்” என்றார். அவர்மேல் தவறே இல்லை. அடைப்புக்குறி என்பதே ‘இதைத் தாண்டிப் போகலாம்’ என்று சொல்லும் குறி. நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு இந்த மூன்று குறிகளையும் ஒவ்வொரு மெயிலிலும் தனியாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. அதை எப்படிச் செய்வது என்பதை அந்த மெயிலையே வைத்துக் கடைசியில் காட்டுகிறேன்.

## முதல் படி: எழுதி முடித்த பிறகு தேடுங்கள்

எழுதும்போதே குறிகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். மனம் போகிற வேகத்தில் கோடும் அடைப்பும் விழத்தான் செய்யும். எழுதி முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலில், பெறுபவர் எதையாவது செய்ய வேண்டும், செய்யக் கூடாது, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று சொல்லும் இடங்களைத் தடித்த எழுத்தாக்குங்கள். அனுப்பும் முன் அதை எடுத்துவிடலாம், இது உங்கள் கண்ணுக்காக மட்டும். அடுத்து அரைப்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கணினியில் `Ctrl+F` போதும், சின்ன மெயில் என்றால் கண்ணே போதும்.

தடித்த எழுத்து அடைப்புக்குள் இருந்தாலோ, கோட்டுக்குப் பின்னால் இருந்தாலோ, அரைப்புள்ளிக்கு அடுத்த பாதியில் இருந்தாலோ, அங்கே குறியை எடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. மற்ற இடங்களில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு தனிக் கேள்வி இருக்கிறது.

## அரைப்புள்ளி எந்தச் சொல்லை விழுங்கியிருக்கிறது?

அரைப்புள்ளியை நாம் பெரும்பாலும் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் வைக்கிறோம். இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அது சொல்கிறது. என்ன தொடர்பு என்று சொல்வதில்லை. இதைப் பாருங்கள்:

> விற்பனையாளர் விலையை உயர்த்திவிட்டார்; நாம் ஆர்டரை நிறுத்தியிருக்கிறோம்.

எழுதியவருக்கு இது தெளிவாகத்தான் இருக்கும். படிப்பவருக்கு மூன்று பொருள் கிடைக்கும். விலை உயர்ந்ததால் ஆர்டரை நிறுத்தினோம் என்பது ஒன்று. விலை உயர்வதற்கு முன்பே நிறுத்திவிட்டோம், ஆகவே நமக்கு நஷ்டம் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம், என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள் என்பது. முதல் பொருளில் படித்தவர் விற்பனையாளரிடம் பேரம் பேசப் போவார். இரண்டாவது பொருளில் படித்தவர் மெயிலை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். மூன்றாவதை நினைத்து எழுதியிருந்தால், நீங்கள் பதிலுக்காகக் காத்திருப்பீர்கள், பதில் வராது.

எனவே அரைப்புள்ளியைக் கண்டதும் ‘இங்கே எந்தச் சொல் இருந்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அதற்கு முன்பே’, ‘அதாவது’, ‘இல்லையென்றால்’ ஆகியவற்றில் ஒன்று கிடைக்கும். அதை எழுதிவிட்டு அரைப்புள்ளியை அழித்துவிடுங்கள்:

> விற்பனையாளர் விலையை உயர்த்தியதால் ஆர்டரை நிறுத்தியிருக்கிறோம்.

தமிழில் இது சுலபம். நம் ஓலைச்சுவடிகளில் அரைப்புள்ளி கிடையாது. இந்தக் குறிகள் ஐரோப்பிய மொழிகளிலிருந்து அச்சோடு வந்தவை. அதற்கு முன்பு வாக்கியத்தோடு வாக்கியத்தை இணைக்கிற வேலையை எச்சங்களும் ‘உம்’மும் ‘ஆல்’லும் பார்த்துக்கொண்டன, இன்றும் பார்க்கின்றன. ‘உயர்த்தியதால்’, ‘உயர்த்தியும்’, ‘உயர்த்தினால்’, ‘உயர்த்தும் முன்’ என்று ஒரே வினை நான்கு உறவுகளைச் சொல்லிவிடுகிறது. வினையின் வாலில் இவ்வளவு இருக்கும்போது, எதையும் சொல்லாத ஒரு குறியை நம்புவது வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரைப்புள்ளியை எடுத்துவிட்டு வெறும் முற்றுப்புள்ளி வைத்தால் பிரச்சினை தீராது. ‘விற்பனையாளர் விலையை உயர்த்திவிட்டார். நாம் ஆர்டரை நிறுத்தியிருக்கிறோம்.’ இதிலும் அதே மூன்று பொருள்தான். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள் என்ற அறிவுரையை இப்படிக் கடைப்பிடிப்பவர்கள் நிறைய. சின்னதாக்கியது சரிதான், தொடர்புச் சொல்லைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அரைப்புள்ளி உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் காற்புள்ளி இருக்கும்போது அது தேவை:

> கூட்டத்துக்கு வருவோர்: தேவி, கணக்குப் பிரிவுத் தலைவர், கண்ணன், கொள்முதல் அதிகாரி, தணிக்கையாளர்.

இதைப் படித்து எத்தனை நாற்காலி போடுவீர்கள்? ஐந்தும் போடலாம், நான்கும் போடலாம், மூன்றும் போடலாம். அரைப்புள்ளி வைத்தால் எண்ணிக்கை நிற்கும்:

> கூட்டத்துக்கு வருவோர்: தேவி, கணக்குப் பிரிவுத் தலைவர்; கண்ணன், கொள்முதல் அதிகாரி; தணிக்கையாளர்.

மூன்று பேர் வரை இது நன்றாக இருக்கும். நான்காவது ஆள் வந்துவிட்டால் நான் வரிக்கு ஒருவராகப் பிரித்துவிடுவேன்.

## கோடு: வினை எவ்வளவு தள்ளிப் போகிறது?

கோடு இரண்டு விதமாக வருகிறது. வாக்கியத்தின் நடுவில் ஜோடியாக வந்து எதையாவது செருகுவது ஒன்று. வாக்கியத்தின் முடிவில் ஒற்றையாக வந்து எதையாவது ஒட்டுவது மற்றொன்று.

ஜோடிக் கோடு தமிழ் மெயிலில் அநேகமாக எப்போதும் கெடுதல்தான் செய்கிறது என்பது என் முடிவு. காரணம் நம் வாக்கியத்தின் அமைப்பு. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடும். செய்தி என்னவென்று தெரிந்த பிறகே செருகல் வருவதற்கு அங்கே வழி உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். அதைவிட முக்கியம், இல்லை என்கிற எதிர்மறையும் அந்த வினையின் வாலில்தான் வரும். இதைப் படியுங்கள்:

> நிர்வாகக் குழு – இரண்டு உறுப்பினர்கள் வரவில்லை என்றாலும், பெரும்பாலானோர் ஆதரவு தெரிவித்திருந்த நிலையில் – புதிய விடுப்பு விதியை ஏற்றுக்கொள்ளவில்லை.

‘ஆதரவு தெரிவித்திருந்த’ என்ற இடத்திலேயே படிப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். கடைசியில் வரும் ‘வில்லை’யைக் கண் பிடிக்காமல் போனால், புதிய விதி வந்துவிட்டது என்று பிரிவு முழுக்கச் செய்தி பரவும். கோட்டுக்குள் இருப்பதை வெளியே எடுத்து முடிவை முதலில் வையுங்கள்:

> புதிய விடுப்பு விதியை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. பெரும்பாலானோர் ஆதரித்திருந்தும், இரண்டு உறுப்பினர்கள் வராததால் முடிவு எடுக்க முடியவில்லை.

இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது இன்னொன்றும் வெளியே வருகிறது. ஏற்கவில்லை என்றால் நிராகரித்தார்களா, தள்ளிவைத்தார்களா? கோட்டுக்குள் இருந்தவரை இந்தக் கேள்வி எழவே இல்லை. இங்கே ‘தள்ளிவைத்திருக்கிறது’ என்பதுதான் சரியான வினை, முதல் வாக்கியத்தையே மாற்ற வேண்டும். குறியை எடுக்கும்போது நாமே தெளிவில்லாமல் எழுதிய இடம் இப்படி அகப்படும்.

ஒரு சோதனை: எழுவாயில் விரலை வையுங்கள், அதற்கான வினையில் இன்னொரு விரலை வையுங்கள். கைபேசித் திரையில் இரண்டு விரலும் வேறு வேறு வரியில் இருந்து, நடுவில் ஜோடிக் கோடு இருந்தால் வாக்கியத்தை உடையுங்கள்.

ஒற்றைக் கோட்டை நான் முழுவதும் விலக்கவில்லை. முன்பு சொன்னதைத் திருத்தும்போது அது நன்றாக உதவுகிறது. ‘கடைசி நாள் வெள்ளி – சனி அல்ல.’ முந்தைய மெயிலில் சனி என்று தவறாகப் போயிருந்தால் இந்தக் கோடு கண்ணை நிறுத்தி, திருத்தத்தைப் பார்க்க வைக்கும். ஒரு மெயிலில் ஒரு முறை மட்டும் வரும்வரைதான் அந்த வலு. வரிக்கு வரி கோடு வந்தால் எது முக்கியம் என்பது தெரியாமல் போய்விடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கோட்டை வைக்கவே வைக்காதீர்கள். ‘வித்தியாசம் - 4,500’ என்று எழுதினால் அது தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள கோடா, கழித்தல் குறியா? பணம் கூடுதலாக இருக்கிறதா, குறைகிறதா? ‘4,500 குறைகிறது’ என்று எழுதினால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ‘கூட்டம் 5-6’ என்பதை ஒருவர் 5 மணி முதல் 6 மணி வரை என்று படிப்பார், ஒருவர் 5, 6 ஆகிய இரு தேதிகள் என்று படிப்பார், இன்னொருவர் ஜூன் 5 என்று படிப்பார். ‘முதல்’, ‘வரை’, மாதத்தின் பெயர் ஆகியவற்றை எழுத இரண்டு விநாடிக்குமேல் ஆகாது.

## அடைப்புக்குறி: மூடிவிட்டுப் படித்தால் யார் தவறு செய்வார்?

அடைப்புக்குள் இருப்பதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். பெறுபவர்களில் ஒருவராவது வேறு விதமாக நடந்துகொள்வார் என்றால், அது அடைப்புக்குள் இருக்கக் கூடாது. நிபந்தனை, கெடு, விதிவிலக்கு, எச்சரிக்கை எல்லாம் இதில் சேரும். ‘எல்லோரும் வர வேண்டும் (இரவுப் பணியில் இருப்பவர்கள் தவிர)’ என்பதில் இரவுப் பணியாளர்களுக்கு அடைப்புதான் முழுச் செய்தியும். ‘இரவுப் பணியில் இருப்பவர்களைத் தவிர எல்லோரும் வர வேண்டும்’ என்று எழுதினால் ஒரு சொல்கூடக் கூடவில்லை.

மறைத்துப் படித்தும் யாருக்கும் பாதகம் இல்லை, ஆனால் சிலருக்கு அந்த விவரம் கைக்கு எட்ட வேண்டும் என்றால் அடைப்புக்குறி சரியான இடத்தில் இருக்கிறது. கோப்பு எண், பக்க எண், சுருக்கப்பெயரின் முதல் விரிவு போன்றவை அப்படிப்பட்டவை. ‘மார்ச் அறிக்கையை (பக்கம் 12) பார்த்துவிட்டேன்’ என்பதில் ஒரு குறையும் இல்லை. சரிபார்க்க விரும்புபவர் பக்கம் 12-க்குப் போவார், மற்றவர் மேலே படிப்பார்.

மிக அதிகமாகக் குழப்புவது ‘தேவைப்பட்டால்’ என்ற அடைப்பு:

> ஒப்புதல் பெற்ற பிறகு (தேவைப்பட்டால்) வாடிக்கையாளருக்கு அனுப்பவும்.

எது தேவைப்பட்டால்? ஒப்புதலா, அனுப்புவதா? தேவையா இல்லையா என்று முடிவு செய்வது யார்? அடைப்புக்குறி இரண்டு பக்கமும் ஒட்டாமல் நடுவில் நிற்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். கவனமுள்ள ஒருவர் இதற்குப் பதில் மெயில் போட்டுக் கேட்பார். கேட்கத் தயங்கும் புதியவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ‘விலையில் மாற்றம் இருந்தால் மட்டும் மேலாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். மாற்றம் இல்லாவிட்டால் நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம்’ என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் இது ஒரு மெயிலோடு முடிந்துவிடும்.

‘ஆவணம்(கள்)’ என்பதும் இதே வகை. ஒன்று வேண்டுமா, பல வேண்டுமா என்பதை எழுதுபவருக்கே முடிவு செய்ய மனமில்லாதபோது அந்த ‘கள்’ அடைப்புக்குள் போகிறது. வேண்டிய ஆவணங்களைப் பெயர் சொல்லி எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை.

வேற்றுமை உருபோடு அடைப்புக்குறி மோதுவது தமிழுக்கே உரிய சிக்கல். ‘இணைப்பு (2)ஐ’, ‘படிவம் (புதியது)இல்’ என்று உருபு வெளியே தனியாகத் தொங்கும். உருபைப் பெயரோடு ஒட்டிவிட்டு அடைப்பைப் பின்னால் தள்ளலாம், அல்லது அடையாக மாற்றி முன்னால் கொண்டுவரலாம்: ‘இரண்டாம் இணைப்பை’, ‘புதிய படிவத்தில்’. பெரும்பாலும் இரண்டாவது வழியே நன்றாக அமைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘(ஏற்கெனவே சொன்னபடி)’ போன்ற அடைப்புகள் குத்தலாகக் கேட்கும். எழுதியவர் நினைவூட்டலாகத்தான் நினைத்திருப்பார். அடைப்புக்குள் வரும்போது அது வாய்க்குள் முணுமுணுப்பதுபோல ஆகிவிடுகிறது. ‘செவ்வாய்க்கிழமை மெயிலில் இதன் விவரம் இருக்கிறது’ என்று வெளிப்படையாகச் சொன்னால் யார் மனமும் கோணாது.

## கருவி செய்யும் குளறுபடிகள்

சொற்களுக்கு நடுவில் இரண்டு சிறுகோடு தட்டினால் அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் அதை நீண்ட கோடாக மாற்றிவிடும். வாசகத்தில் இது பரவாயில்லை. கட்டளை ஒன்றை மெயிலில் அனுப்பும்போது இப்படி மாறினால், பெறுபவர் நகலெடுத்து ஒட்டும்போது அது இயங்காது.

```
git commit --amend
git commit —amend
```

முதல் வரி வேலை செய்யும், இரண்டாவது செய்யாது. கட்டளை அனுப்பும்போது தானியங்கி மாற்றம் நடந்ததும் `Ctrl+Z` ஒரு முறை அழுத்தினால் பழைய கோடுகள் திரும்பும்.

பழைய மென்பொருள்களுக்கு நடுவே மெயில் போய்வரும்போது நீண்ட கோடு `â€”` என்று மூன்று எழுத்தாக உடைந்து தெரிவதையும் பார்த்திருப்பீர்கள். யூனிக்கோடில் அனுப்பப்பட்ட குறியை வேறு குறியாக்கத்தில் படிப்பதால் வருவது இது. பொருள் வரியில் நீண்ட கோட்டைத் தவிர்ப்பது நல்லது.

இணைய முகவரியை அடைப்புக்குள் வைத்தால், சில செயலிகள் மூடும் அடைப்பையும் முகவரியோடு சேர்த்துக்கொள்ளும். சொடுக்கினால் பக்கம் திறக்காது. முகவரியைத் தனி வரியில் வையுங்கள்.

## அந்த மெயிலைத் திருத்துவோம்

இப்போது என் பழைய மெயிலுக்கு வருகிறேன். செய்ய வேண்டிய வேலையைத் தடித்த எழுத்தாக்கினால் ‘பதிவுகளைச் சேமித்து மூடிவிடவும்’ அடைப்புக்குள் இருக்கிறது. கட்டைவிரலால் மறைத்தால் வேலை அழிகிறது. ஆகவே அது வெளியே வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, முதலிடத்துக்கு வர வேண்டும், பொருள் வரிக்கே போக வேண்டும்.

அடுத்தது அரைப்புள்ளி. ‘இயங்காது; புதிய பதிப்பு நிறுவப்படுகிறது’ என்பதில் விழுங்கப்பட்டது ‘ஏனென்றால்’. தமிழில் காரணத்தை முன்னால் வைத்து ‘நிறுவுவதற்காக’ என்றால் குறியே வேண்டாம்.

பிறகு கோடு. ‘நிறுவப்படுகிறது – பழைய கடவுச்சொல் வேலை செய்யாது.’ இங்கே ஒரு முழு வேலையே மறைந்திருக்கிறது. வேலை செய்யாது என்றால் என்ன செய்வது? எப்போதிலிருந்து வேலை செய்யாது? கோடு போட்டு நிறுத்தியதால் எனக்கு இது தோன்றவே இல்லை. ‘அப்படியானால்’ என்று கோட்டுக்குப் பதில் எழுதியிருந்தால் அடுத்த வாக்கியம் தானாக வந்திருக்கும். ‘வெள்ளி மாலைக்குள்’ என்பதும் மணி சொல்லாமல் நின்றிருந்தது, அடைப்புக்குள் இருந்ததால் சுருக்கமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

> பொருள்: வெள்ளி மாலை 5 மணிக்குள் உங்கள் பதிவுகளை மூடிவிடுங்கள்
>
> கணக்கு மென்பொருளில் திறந்திருக்கும் பதிவுகளை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் சேமித்து மூடிவிடுங்கள். மூடாத பதிவுகள் அழிந்துவிடும், மீட்க முடியாது.
>
> புதிய பதிப்பை நிறுவுவதற்காக, சனிக்கிழமை காலை 6 மணி முதல் 10 மணி வரை மென்பொருள் இயங்காது.
>
> அதன்பிறகு பழைய கடவுச்சொல்லை மென்பொருள் ஏற்காது. முதல் முறை திறக்கும்போது புதிய கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். அமைக்க முடியாவிட்டால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

முதல் மெயிலைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். ஆனால் முதல் வரியோடு மூடிவிட்டுப் போகிறவருக்கும் அவர் செய்ய வேண்டியது தெரிந்துவிடும். மூன்று குறிகளில் ஒன்றுகூட மீதமில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இந்த மெயிலில் எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். வருவோர் பட்டியல் ஒன்று சேர்ந்திருந்தால் அரைப்புள்ளியை வைத்திருப்பேன்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைபேசியில் திறந்து, குறிகளை உச்சரிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். பார்வையற்ற சக பணியாளர் திரைவாசிப்பானில் கேட்கும்போது, அவர் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்து அடைப்பும் கோடும் வாசிக்கப்படாமலே போகலாம். குறி கேட்காவிட்டாலும் வாக்கியம் நின்றால் சரி.

தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தம், விதிமுறை, தேர்வு அறிவிப்பு ஆகியவற்றிலிருந்து எடுத்து ஒட்டும் வரிகளில் குறியை மாற்றாதீர்கள். ஓர் அரைப்புள்ளி நகர்ந்தால் நிபந்தனை எந்தப் பகுதிக்குப் பொருந்துகிறது என்பதே மாறிவிடலாம். அந்த வரியை அப்படியே மேற்கோளாக வைத்துவிட்டு, அதற்குக் கீழே நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் எழுதி, இது சரிதானா என்று உரியவரிடம் கேளுங்கள்.